பாதிக் கட்டணத்தில் இப்போதே சேர்ப்பதா, ஆண்டு விழாவைப் பார்த்துவிட்டா, விஜயதசமிக்கா?

ஆடி பிறந்ததும் வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். முழு அலங்காரத்தில் ஒரு பெண் முட்டி இரண்டையும் பக்கவாட்டில் விரித்து மடக்கி அரைமண்டியில் நிற்பாள், அதன் கீழே பரதநாட்டியப் பள்ளியின் ஆண்டு விழா, சேர்க்கை அறிவிப்பு இருக்கும். இந்த வருஷம் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் தோழி அப்படி ஒன்றை எனக்கு அனுப்பினாள். "அக்கா, பாப்பாவை இப்பவே சேர்த்துடவா, இல்ல விழா முடியட்டுமா? மாமியார் ஆடியில எதுவும் ஆரம்பிக்காதேங்கறாங்க. விஜயதசமி வரைக்கும் இருக்கலாமா?" என்று கேட்டாள். அதே வாரத்தில் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவரும் ராணிப்பேட்டையிலிருந்து ஒருவரும் இதையே கேட்டார்கள். மூவருக்கும் ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு அறிவிப்பை அப்படியே தருகிறேன்.

> எங்கள் ஆண்டு விழா ஆவணி இரண்டாம் ஞாயிறு மாலை 4.30 மணிக்கு. நுழைவுச் சீட்டு ₹200, ₹100. மாணவர் குடும்பத்துக்கு 2 சீட்டு இலவசம். புதிய வகுப்புகளுக்குச் சேர்க்கை ஆரம்பம்! வயது 5 முதல். சேர்க்கைக் கட்டணம் ₹1,000, விழாவுக்கு முன் சேர்ந்தால் ₹500 மட்டுமே. மாதம் ₹900. புதிய மாணவர்களும் மேடையேறலாம்!

இதைப் படிக்கும் புதுப் பெற்றோர் டிக்கெட் விவரத்தைத் தாண்டி நேராகச் சேர்க்கைக்குப் போய்விடுகிறார்கள். டிக்கெட் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் குடும்பத்துக்கு என்று நினைப்பு. எனக்கோ அந்த ₹100 சீட்டுதான் அறிவிப்பிலேயே நமக்கு மிகவும் உதவும் விஷயமாகத் தெரிகிறது. ஒரு பள்ளி பத்து மாதம் என்ன சொல்லிக்கொடுத்தது என்பதை ஒரே மாலையில் உட்கார்ந்து பார்க்க வேறு வழி கிடையாது. கடைசி வரி கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அதிகம் செலவு வைப்பதும் அதுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

மூன்று கேள்விகள் போதும். முதலாவது, சேர்க்கும் முன் சொல்லிக்கொடுக்கும் தரத்தை நம் கண்ணால் பார்க்க முடிகிறதா? இரண்டாவது, முதல் இரண்டு மாதத்தில் கைவிட்டுப் போகும் மொத்தப் பணம் எவ்வளவு? சேர்க்கைக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும். மூன்றாவது, அந்த நாட்களில் குழந்தை நடனத்தின் அடிப்படைப் பயிற்சியான அடவு கற்குமா, பாட்டுக்கு ஒத்திகை பார்க்குமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பது என் எண்ணம். பரதத்தில் முதலில் வருவது தட்டடவு. அரைமண்டியில் உட்கார்ந்து, முதுகு நிமிர்ந்து, முழுப் பாதமும் தரையில் பட்டு ஓசை வரும்படி தட்ட வேண்டும். அதையே மூன்று காலங்களில், அதாவது ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பான வேகத்தில் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் நாட்டடவும் மற்றதும். இந்த முதல் மாதங்களில் முட்டியும் பாதமும் எப்படிப் பழகுகின்றனவோ, அதுவே பல வருஷம் உடம்பில் நிற்கும்.

| | விழாவுக்கு முன் | விழாவைப் பார்த்த பின் | விஜயதசமி |
|---|---|---|---|
| தரம் கண்ணால் தெரிகிறதா | இல்லை | தெரியும் | விழாவுக்குப் போயிருந்தால் தெரியும் |
| முதல் அடி | பாட்டு ஒத்திகை | தட்டடவு | தட்டடவு |
| தொடக்கச் செலவு | ₹5,700 வரை | ₹1,300, பிறகு மாதக் கட்டணம் | ₹1,300, தட்சிணை, பிறகு மாதக் கட்டணம் |
| வகுப்பில் கூட்டம் | ஒத்திகைக் கூட்டம் | குறைவு | அதிகம் |
| யாருக்குப் பொருத்தம் | ஏற்கெனவே கற்றவர்களுக்கு | பெரும்பாலோருக்கு | கூட்டாக முதலிலிருந்து தொடங்க விரும்புவோருக்கு |

## விழாவுக்கு முன்பே சேர்த்தால்

₹500 மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் தோழியைப் பள்ளிக்கு ஃபோன் போட்டு, "மேடையேறினால் வேறு என்னென்ன கட்டணம்?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பங்கேற்புக் கட்டணம் ₹1,500, உடை வாடகை ₹900, மேக்கப் ₹600 என்றார்களாம். அவள் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர் கூட வருவார்கள். இலவசச் சீட்டு இரண்டும் அப்பா அம்மாவுக்குப் போய்விடும், மற்ற நால்வருக்கும் ₹400.

சேர்க்கை 500, இரண்டு மாதக் கட்டணம் 1,800, பங்கேற்பு 1,500, உடை 900, மேக்கப் 600, சீட்டு 400. ஆக ₹5,700. இதில் வகுப்புக்கு என்று போவது ₹1,800 மட்டும். மேடைக்காக மட்டும் ₹3,000. தள்ளுபடியில் மிச்சமான ஐந்நூறைப் போல ஆறு மடங்கு.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. விழாவுக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது எந்த டான்ஸ் மிஸ்ஸுக்கும் புதுப் பிள்ளைக்குத் தட்டடவு சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. அது அவர்கள் தவறு இல்லை. பெரிய பிள்ளைகளின் நடன உருப்படிகளை, தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும், வரிசை மாற்ற வேண்டும், உடை அளவெடுக்க வேண்டும். புதுசாக வந்த ஏழு வயதுக்காரியைப் பின்வரிசையில் நிறுத்தி, ஒரு பக்திப் பாட்டுக்குக் கையை இப்படி வை, இங்கே சுற்று, முடிவில் இப்படி நில் என்று காட்டுவார்கள். அவள் முன்னால் நிற்பவளைப் பார்த்துச் செய்துவிடுவாள். படமும் நன்றாக வரும்.

என் மகளை நான் அப்படித்தான் சேர்த்தேன். நாற்பது நாளில் இரண்டரை நிமிடப் பாட்டு. மேடையில் அவளைப் பார்த்து அழுதேன் என்பதும் நிஜம். விழா முடிந்து வகுப்பு ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அவள் அரைமண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தது முட்டியை லேசாக மடக்குவதைத்தான். முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரியாமல் முன்னால் வந்து நிற்கும், இடுப்பு பின்னால் தள்ளும். யாரும் திருத்தாமல் அதே நிலையில் நாற்பது நாள் ஆடியிருந்தாள். அதைச் சரிசெய்ய அடுத்த தைப் பொங்கல் வரை ஆயிற்று. இரண்டு முறை, "அம்மா, எனக்கு முன்னாடி டான்ஸ் வந்துச்சு, இப்ப வரல" என்றாள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆடியில் இன்னொரு தொந்தரவும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை, இரத்தினகிரி என்று வீடே கிளம்பிவிடும். வேண்டுதல், காவடி, குலதெய்வம் கோயில் என்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். எட்டு வகுப்பில் மூன்று தவறினால் ஒத்திகையில் பிள்ளை தடுமாறும், மிஸ்ஸின் முகமும் மாறும்.

இந்த வழி சரியாக வரும் இடங்களும் உண்டு. மாற்றலாகி வேலூருக்கு வந்த குடும்பம், பிள்ளை ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் அடவு முடித்திருக்கிறாள் என்றால் தாராளமாக இப்போதே சேர்க்கலாம். ஒத்திகை அவளுக்குப் புதுத் தோழிகளைத் தரும். அக்கா அங்கேயே படிக்கிறாள், பள்ளியின் வழக்கம் நமக்குத் தெரியும் என்றாலும் சரி. நமக்கு ஒத்துவரும் ஒரே நேரத்தில் இரண்டு இடம்தான் இருக்கிறது என்றால், சேர்த்துவிட்டு, "இந்த வருஷம் மேடை வேண்டாம் மிஸ், உட்கார்ந்து பார்க்கட்டும்" என்று சொல்லிவிடலாம். அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும் ஆசிரியரை நம்பலாம்.

## விழாவைப் பார்த்துவிட்டுச் சேர்த்தால்

இதுதான் நான் தோழிக்குச் சொன்ன வழி. மூன்று ₹100 சீட்டு வாங்கு, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். ₹200 சீட்டு வேண்டாம். முன்வரிசை நடுவிலிருந்து பார்த்தால் உடையும் முகமும்தான் தெரியும். ஓரத்து இருக்கையிலிருந்து பார்த்தால் மேடையின் பக்கத் திரைக்குள் யார் நிற்கிறார்கள் என்பதும், பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்பதும் தெரியும்.

எதைப் பார்ப்பது? பெரியவர்கள் ஆடும் வர்ணமும் தில்லானாவும் கைதட்டல் வாங்கும், அதில் மயங்க வேண்டாம். நம் பிள்ளை அடுத்த வருஷம் எங்கே நிற்பாளோ, அந்தச் சின்ன வகுப்பைப் பாருங்கள். அவர்கள் ஆட ஆரம்பிக்கும்போது முட்டி விரிந்து அரைமண்டியில் இருப்பார்கள். பாட்டின் நடுவிலும் அந்த அரைமண்டி இருக்கிறதா? முடிவிலும் இருக்கிறதா? பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் எழுந்துவிடுவது இயல்பு. எல்லோருமே எழுந்துவிட்டால் வகுப்பில் அதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, கண். எல்லாப் பிள்ளைகளும் திரைக்குள் நிற்கும் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டு ஆடினால், பாட்டு மனப்பாடம் ஆகவில்லை, தாளமும் உள்ளே போகவில்லை. பிறகு காது. பாட்டு பதிவாக இருந்தாலும் சரி, நேரில் நட்டுவாங்கம் நடந்தாலும் சரி, தட்டும் ஓசை ஒன்றாக விழுகிறதா என்று கேளுங்கள். மேடையில் கனமான கம்பளம் விரித்திருந்தால் ஓசை கேட்காது, அப்போது இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சலங்கையையும் கவனியுங்கள். பல பள்ளிகளில் அடவுகள் முடித்து, சலங்கை பூஜை செய்த பிறகுதான் காலில் கட்ட விடுவார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கும் சலங்கை கட்டியிருந்தால், அங்கே மேடைக்கு உள்ள முக்கியத்துவம் பயிற்சிக்கு இல்லையோ என்று எனக்குத் தோன்றும். தவறு என்று அடித்துச் சொல்லமாட்டேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கையில் தரும் நிகழ்ச்சி நிரலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதில் புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதீஸ்வரம் போன்ற பரத உருப்படிகள் எத்தனை, பாட்டுக்கு ஆடுவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாட்டுக்கு ஆடுவதை நான் குறைவாகப் பேசவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆசை. ஆனால் பத்து வருஷமாக நடக்கும் பள்ளியில் வர்ணம் ஆட ஒரு பிள்ளைகூட இல்லை என்றால், பிள்ளைகள் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். வர்ணம் முழுதாக ஆடினால் அரைமணி நேரம் போகும். அந்த வலு வருவதற்குப் பல வருஷம் தொடர்ந்து வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஆடுகிறார்கள்? முதல் ஒரு மணி நேரத்தில் அவர்களை முடித்து அனுப்பும் பள்ளி குழந்தைகளை நினைக்கிறது. கூட்டம் கலையாமல் இருக்க அவர்களைக் கடைசி வரை நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு. நாலரைக்கு என்று போட்ட விழா, சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போட்டு முடிக்கவே ஆறு மணி ஆகிவிடும். ஒருமுறை மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளை, மத்தியானம் ஒன்றரைக்கே மேக்கப் போட்டுவிட்டார்கள். உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று ஒன்றும் தின்ன விடவில்லை, ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் மட்டும். நம்மூர் புழுக்கத்தில் நெற்றிச்சுட்டி ஒட்டின இடமெல்லாம் வேர்வை. எட்டரைக்கு மேடையேறக் கூப்பிட்டபோது அவள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்களும் இடைவேளையில் ஒருமுறை அந்தப் பக்கம் நடந்து வாருங்கள்.

இந்த வழியிலும் ஒரு பொறி உண்டு. வெளியே வரும் வழியில் ஒரு மேஜை போட்டு, பதிவேடும் ஜிபே அட்டையும் வைத்திருப்பார்கள். "இன்னைக்கே சேர்ந்தா சேர்க்கைக் கட்டணம் பாதிதான்" என்பார்கள். குழந்தை கண்ணெல்லாம் மின்ன உங்கள் கையை இழுப்பாள். அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். அந்த வாரமே ஒரு சாதாரண வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மேடை விளக்கு இல்லாத நாளில்தான் முக்கியமானது தெரியும்.

அங்கே முதலில் தரையைப் பாருங்கள். கிரானைட்டோ டைல்ஸோ போட்ட சிமென்ட் தரையில் வாரம் இரண்டு நாள் தட்டினால் கணுக்காலும் முன்காலும் முட்டியும் நோகும். மரத்தளம் இருந்தால் நல்லது, நம் பக்கம் அது அபூர்வம். குறைந்தபட்சம் தட்டுவதற்கு நடுவே ஓய்வு கொடுக்கிறார்களா, "கால் வலிக்குது" என்ற பிள்ளையை உட்கார வைக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம், மிஸ் தட்டுக்கழியால் கட்டையில் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாரா, எழுந்து வந்து ஒரு பிள்ளையின் முட்டியைத் தொட்டுத் திருத்துகிறாரா? ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறையாவது பெயர் சொல்லித் திருத்தம் வந்தால் அந்த வகுப்பு நல்ல வகுப்பு.

இந்த வழியில் செலவு, சீட்டு ₹300, சேர்க்கை ₹1,000. அறிவிப்பின் தள்ளுபடி போய்விடும், அவ்வளவுதான். பள்ளி பிடிக்கவில்லை என்றால் இழப்பது முந்நூறு ரூபாய்.

## விஜயதசமிக்குக் காத்திருந்தால்

விழாவுக்கும் விஜயதசமிக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை, வருஷத்தைப் பொறுத்து ஐந்து முதல் எட்டு வாரம். அதற்குள் பள்ளிக்கூடத்தில் காலாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், தட்சிணை வைத்து, மிஸ்ஸை வணங்கி முதல் அடி தட்டுவதில் ஓர் அழகு இருக்கிறது. அந்த நாளில் சேர்ந்த பிள்ளைக்கு அது நினைவில் நிற்கும். எல்லோரும் ஒரே நாளில் தொடங்குவதால் யாரும் பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவளைப் பார்த்து ஆட வேண்டியதில்லை. எல்லோருக்கும் முதல் பாடம் தட்டடவுதான்.

கூட்டம்தான் இதில் சிக்கல். மற்ற மாதங்களில் ஆறேழு பேர் சேரும் இடத்தில் அன்று முப்பது பேர் நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்புக்கு வருவது குறைந்து, தை வரும்போது பாதிப் பேர் நின்றிருப்பார்கள். அதுவரை உங்கள் பிள்ளைக்குத் தனிக் கவனம் கிடைப்பது கஷ்டம். சனி, ஞாயிறு காலை நேரங்களும் அதற்கு முன்பே நிறைந்துவிடும். காட்பாடியிலிருந்து பாகாயம் பக்கம் போக வேண்டியவர்களுக்கு வார நாள் மாலை ஆறு மணி வகுப்பு என்றால் சாலை நெரிசலில் அரைமணி போய்விடும் என்பதையும் யோசியுங்கள்.

ஐந்து வயது, ஐந்தரை வயதுக் குழந்தைகளுக்கு இதுவே நல்லது என்பேன். அந்த வயதில் இரண்டு மாதம் தள்ளிப்போவதால் ஒன்றும் குறையாது. பெரியவர்களுக்கு நாள் பார்ப்பது முக்கியம் என்ற வீட்டிலும் வீண் மனத்தாங்கல் இல்லாமல் ஆரம்பிக்கலாம். ஆனால் விஜயதசமிக்கே சேர்ப்பது என்றாலும் ஆவணியில் விழாவைப் போய்ப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் சேர்த்தால் இதற்கும் முதல் வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

## தோழி என்ன செய்தாள்

தோழி வீட்டிலிருந்து மூன்று பேருமாக விழாவுக்குப் போனார்கள். சின்ன வகுப்பு ஐந்தே முக்காலுக்கு ஆடியது. பதினோரு பிள்ளைகளில் எட்டுப் பேர் முடிவு வரை முட்டி விரித்து நின்றார்கள் என்று எண்ணி எனக்கு மெசேஜ் அனுப்பினாள். சலங்கை கட்டியிருந்தது பெரிய பிள்ளைகள் மட்டும். புதிதாகச் சேர்ந்த நாலு குழந்தைகள் தனியாக ஒரு பாட்டுக்கு ஆடினார்கள், நாலு பேரும் திரைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மேஜையில் பணம் கட்டவில்லை. புதன்கிழமை மாலை வகுப்பைப் பார்க்கக் கேட்டாள், மிஸ், "வாங்க, ஓரமா உட்காருங்க" என்றுவிட்டார்.

சிமென்ட் தரைதான். அதன் மேல் ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை உட்கார வைத்துக் கையில் தாளம் போடச் சொன்னாராம். மாமியாரும் வந்திருந்தார். ஆவணி முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமையைக் குறித்தது அவர்தான். ₹1,000 கட்டினார்கள். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி அனுப்பினால் போதும், பிராக்டிஸ் சேலை தைக்க அவசரம் வேண்டாம் என்று மிஸ்ஸே சொல்லிவிட்டார்.

முதல் நாள் நாற்பது நிமிடமும் ஒரே தாளச் சொற்கட்டு, "தெய்யா தெய்". வீட்டுக்கு வந்த பிள்ளை சமையலறைத் தரையில் அதையே தட்டிக் காட்டியிருக்கிறாள். கீழ் வீட்டு அம்மா மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டாராம். தோழி அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் முட்டியைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன.